ரோல்-அப் பேனர் வடிவமைப்பு: முக்கியச் செய்தி கண்மட்டத்தில், அடிப்பெட்டிக்குள் எதுவும் மறையாமல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனர் அளவு 850 × 2000 என்று சொன்னார்கள். அதே அளவில் ஃபைல் செய்து கொடுத்தால் போதாதா?

பெரும்பாலும் போதாது. அந்த 2000 மி.மீ. என்பது ஸ்டாண்டை விரித்து நிறுத்திய பிறகு கண்ணுக்குத் தெரியும் உயரம். அச்சாகும் தாள் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். ஏனென்றால் ரோல்-அப் ஸ்டாண்டின் அடியில் இருக்கும் அலுமினியப் பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த ஓர் உருளை இருக்கிறது. தாளின் கீழ்முனை அந்த உருளையோடு இணைந்த பட்டையில் ஒட்டப்படுகிறது. பேனரை முழுவதும் மேலே இழுத்து மாட்டிய பிறகும் தாளின் ஒரு பகுதி பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இந்த மறைபகுதி ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு வேறுபடும். 100 மி.மீ. கேட்பவர்களும் உண்டு, 200 மி.மீ. கேட்பவர்களும் உண்டு.

இதைக் கவனிக்காமல் நான் செய்த ஒரு பேனரைப் பற்றிச் சொல்கிறேன். மண் பரிசோதனை செய்து தரும் ஒரு சிறிய ஆய்வகத்தின் கண்காட்சி அரங்குக்கானது அது. ஃபைலைச் சரியாக 850 × 2000 என்று அமைத்து, கடைசி வரியில், மேல் விளிம்பிலிருந்து 1900 முதல் 1960 மி.மீ. வரையிலான இடத்தில், தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் வைத்தேன். அச்சகத்தின் ஸ்டாண்டுக்குத் தேவைப்பட்ட மொத்த நீளம் 2150 மி.மீ. அவர்கள் என்னைக் கேட்காமல் ஃபைலை உயரவாக்கில் மட்டும் இழுத்து 2150-க்குப் பொருத்திவிட்டார்கள். அதாவது எல்லாமே 1.075 மடங்கு நீண்டது. 1900-ல் தொடங்கிய எண் 2042-க்குப் போனது. தெரியும் பகுதியோ 2000-த்தோடு முடிந்துவிட்டது. எண் முழுவதும் பெட்டிக்குள் போய்விட்டது. அதற்கு மேலிருந்த முகவரி வரி மட்டும் அடிப்பெட்டியின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

அரங்கில் முதலில் என் கண்ணில் பட்டது எண் அல்ல, லோகோ. 300 மி.மீ. விட்டமுள்ள வட்டமாக இருந்த அது 322 மி.மீ. உயரமுள்ள முட்டை வடிவமாகியிருந்தது. வட்டம் முட்டையாகத் தெரிந்தால் ஃபைல் இழுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படித் தெரிந்தவுடன் கீழே என்ன காணாமல் போனது என்று பார்க்க வேண்டும். அந்த நாள் முழுவதும் ஒரு வெள்ளைத்தாளில் எண்ணை எழுதி மேசையில் ஒட்டி வைத்துச் சமாளித்தோம்.

அப்படியானால் எவ்வளவு மறையும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

அச்சகத்திடம் இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அச்சாகும் மொத்த நீளம் எவ்வளவு, நிறுத்திய பிறகு தெரியும் நீளம் எவ்வளவு. "பேனர் சைஸ் என்ன?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் ஒரே எண்தான் பதிலாக வரும், அது இரண்டில் எது என்பது உங்களுக்கும் தெரியாது, சில நேரங்களில் பதில் சொன்னவருக்கும் தெரியாது. அவர்களிடம் டெம்ப்ளேட் இருந்தால் அதையே வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. அதில் கீழ்ப்பகுதி வேறு நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும். மேலேயும் ஒரு மெல்லிய பட்டை குறிக்கப்பட்டிருக்கலாம். தாளின் மேல்முனையைக் கவ்விப் பிடிக்கும் அலுமினியப் பட்டை மறைக்கும் இடம் அது.

மூன்றாவதாக ஒன்றையும் கேட்டு வைக்கலாம்: பின்னால் நிற்கும் தாங்குகம்பி ஒரே உயரத்தில் நிற்பதா, உயரத்தை மாற்றக்கூடியதா? மாற்றக்கூடிய கம்பியை அரங்கில் நிறுத்துபவர் முழுவதும் நீட்டாமல் விட்டால், விடுபட்ட ஒவ்வொரு மில்லிமீட்டரும் கீழே பெட்டிக்குள் கூடுதலாக மறையும். ஃபைல் சரியாக இருந்தும் அடிவரி காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறையும் பகுதியை வெள்ளையாக விட்டுவிடலாமா?

விட வேண்டாம். பின்னணி நிறத்தையோ படத்தையோ தாளின் கடைசி விளிம்பு வரை நீட்டுங்கள். தாள் ஒட்டப்பட்ட இடம் சிறிது விலகினாலும் கம்பி சற்று உயரமாக நின்றாலும், பெட்டியின் வாயருகே ஒரு வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். அடர்நிறப் பின்னணியில் அது மிகவும் உறுத்தும்.

அதே காரணத்துக்காகத் தெரியும் பகுதியின் கடைசி 150 மி.மீ.-யிலும் எழுத்து எதுவும் வைக்காமல் இருப்பது என் வழக்கம். டெம்ப்ளேட் அனுமதிக்கிறதே என்று அந்த இடம் வரை நிரப்பினால், கணக்கு சற்றுப் பிசகினாலும் கீழ்வரி போய்விடும்; பிசகாவிட்டாலும் அங்கே பார்வையாளரின் பையும் காலணியும் அட்டைப்பெட்டிகளும்தான் நிற்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருப்பதைப் படிக்க யாரும் குனிவதில்லை.

கண்மட்டம் என்றால் தரையிலிருந்து எத்தனை?

நின்றுகொண்டிருக்கும் பெரியவர்களில் பெரும்பாலானோருக்குக் கண் தரையிலிருந்து சுமார் 1400 முதல் 1700 மி.மீ. உயரத்தில் இருக்கும். வடிவமைப்பில் நடுவாக 1550 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் ஃபைலில் வேலை செய்யும்போது தரையிலிருந்து அளப்பதில்லை, மேல் விளிம்பிலிருந்து அளக்கிறோம். அதனால் ஒரு சிறு கணக்கு தேவைப்படுகிறது. அடிப்பெட்டியின் உயரம் 90 மி.மீ. என்றும் தெரியும் தாள் 2000 மி.மீ. என்றும் கொண்டால், பேனரின் உச்சி தரையிலிருந்து 2090-ல் இருக்கும். 2090-லிருந்து கண்ணின் உயரத்தைக் கழித்தால் ஃபைலில் அந்த இடம் கிடைக்கும். 1550-க்கு உரிய இடம் மேலிருந்து 540 மி.மீ.

இந்த எண்ணைப் பார்த்துப் பலர் திகைப்பதைக் கண்டிருக்கிறேன். கணினித் திரையில் ஒரு நீளமான பக்கத்தைப் பார்க்கும்போது அதன் நடுப்பகுதிதான் முக்கியமான இடமாகத் தோன்றும். ஆனால் பேனரின் நடுப்பகுதி, அதாவது மேலிருந்து 1000 மி.மீ., தரையிலிருந்து 1090-ல் இருக்கிறது. நிற்பவரின் இடுப்புக்குச் சற்று மேலே. கண்மட்டம் என்பது பேனரின் மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. திரையில் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும் தலைப்பு, அரங்கில் ஒருவர் முன்னால் வந்து நின்றவுடன் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

முக்கியச் செய்தி ஒரே கோட்டில் நிற்காது, சில வரிகளாக இறங்கும். எனவே அதற்கு ஒரு பட்டை தேவை. தரையிலிருந்து 1350 முதல் 1850 வரையிலான பட்டையை நான் ஒதுக்குகிறேன். கண்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்குவதற்குக் காரணம் கூட்டம். தொலைவில் நடந்து வருபவருக்கும் பேனருக்கும் நடுவில் வேறு தலைகள் இருக்கும். முதல் வரியாவது அந்தத் தலைகளுக்கு மேல் தெரிய வேண்டும்.

அப்படியென்றால் தலைப்பை உச்சியிலேயே வைத்துவிடலாமே?

தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது சரிதான். ஆனால் ஒரு மீட்டர் அருகில் வந்து நிற்பவர், 1550-ல் இருக்கும் தம் கண்ணை 2090 வரை உயர்த்த, ஏறத்தாழ 28 பாகை மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். கழுத்தை நிமிர்த்தி அவ்வளவு மேலே யாரும் வாக்கியம் படிப்பதில்லை. ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஒன்றுக்கு, அதாவது லோகோவுக்கு, அந்த உச்சி பொருத்தமான இடம்.

உரிமையாளர் லோகோவைத்தான் பெரிதாக நடுவில் போடச் சொல்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

கண்மட்டப் பட்டை ஒன்றுதான், அதில் லோகோ உட்கார்ந்தால் செய்தி கீழே இறங்கிவிடும் என்பதை அவருக்குக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது. நான் சொன்ன மண் பரிசோதனைப் பேனரில் நடந்ததும் இதுதான். லோகோவும் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து மேலிருந்து 800 மி.மீ. வரை எடுத்துக்கொண்டன, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்லும் தலைப்பு 1100-ல் தொடங்கியது, இழுத்து அச்சடித்ததில் அது 1182-க்கு இறங்கி, தரையிலிருந்து 908-ல் போய் நின்றது. முன்னால் போட்டிருந்த மேசையும் அதன் மேலிருந்த துண்டறிக்கைத் தாங்கியும் அதை முற்றாக மறைத்துவிட்டன. பெயரைப் பார்த்தவர்களுக்கு அது உரக் கடையா, விதைக் கடையா, ஆய்வகமா என்று தெரியவில்லை. பலர் வந்து உர விலை கேட்டுவிட்டுப் போனார்கள்.

பெயர் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த நிறுவனத்துக்கு லோகோவே செய்தியாக அமையலாம். அங்கே நான் வாதிட மாட்டேன். மற்றவர்களுக்கு உச்சியில் 170 மி.மீ. அளவு இடம் லோகோவுக்குத் தாராளமாகப் போதும்.

ஸ்டாண்டுக்கு முன்னால் மேசை போடுவோம். அதனால் எவ்வளவு மறையும்?

மேசையின் உயரத்தை மட்டும் பார்த்து, 750 மி.மீ. வரை மறையும் என்று கொண்டால் கணக்கு தவறும். பார்ப்பவரின் கண்ணிலிருந்து மேசையின் பின்விளிம்பைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால் அது பேனரில் எங்கே படுகிறதோ, அதற்குக் கீழ் இருப்பதெல்லாம் மறையும். கண் 1550-ல் இருக்கிறது, பார்ப்பவர் மேசையின் பின்விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கிறார், பேனர் அந்த விளிம்புக்கு 300 மி.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டரில் பார்வைக்கோடு 800 மி.மீ. இறங்குகிறது; அதே சரிவில் 2.3 மீட்டரில் 920 இறங்கும். 1550-லிருந்து 920 போனால் 630. வெறும் மேசை என்றால் தரையிலிருந்து 630 வரைதான் மறைகிறது, பரவாயில்லை.

ஆனால் மேசை வெறுமையாக இருப்பதே இல்லை. பின்விளிம்பருகே 300 மி.மீ. உயரத்தில் ஒரு துண்டறிக்கைத் தாங்கியை வைத்துவிட்டால் மறைக்கும் விளிம்பு 1050-க்கு ஏறிவிடுகிறது. இப்போது கோடு 2 மீட்டரில் 500-ம், 2.3 மீட்டரில் 575-ம் இறங்கி, பேனரில் 975-ல் படுகிறது. மேசையில் மடிக்கணினியோ மாதிரிப் பொருளோ இருந்தாலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஆகவே மேசை உண்டு என்று தெரிந்தால், தரையிலிருந்து 1000 மி.மீ.-க்குக் கீழே படிக்க வேண்டிய எதையும் வைக்காதீர்கள். ஃபைலில் அது மேலிருந்து 1090. பேனரின் கீழ்ப்பாதி முழுவதையும் விட்டுக்கொடுப்பது போல இது தோன்றும். உண்மையில் அந்தப் பாதி முதலிலிருந்தே நம்மிடம் இல்லை.

மேசைக்குப் பக்கவாட்டில் நிறுத்த இடம் இருந்தால் அதுவே நல்லது. ஆனால் இடம் இருக்குமா என்பது அரங்கில் போய்ப் பார்க்கும்வரை பெரும்பாலும் தெரிவதில்லை.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? தமிழுக்குத் தனிக் கணக்கு உண்டா?

பலகை எழுதுபவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: வசதியாகப் படிக்க, ஒவ்வொரு 3 மீட்டர் தொலைவுக்கும் 25 மி.மீ. எழுத்துயரம். 5 மீட்டருக்கு அது 42 மி.மீ. ஆகிறது. ஆனால் இது ஆங்கிலப் பேரெழுத்துகளை வைத்துச் சொன்னது. தமிழில் ண, ன, ணை போன்ற எழுத்துகளுக்குள் சுழிகள் நெருங்கி இருக்கின்றன. தொலைவில் இரண்டு சுழியா மூன்று சுழியா என்று தெரியாமல் போனால் சொல்லே குழம்பும். அதனால் நான் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்கிறேன். 5 மீட்டரிலிருந்து படிக்க வேண்டிய தலைப்புக்கு ஏறத்தாழ 60 மி.மீ., 2 மீட்டரிலிருந்து படிக்கும் துணைவரிக்கு 25 முதல் 30 மி.மீ. வரை.

இங்கே எழுத்துயரம் என்பது மென்பொருள் காட்டும் பாயிண்ட் அளவு அல்ல. பல தமிழ் எழுத்துருக்களில் 'க' என்ற எழுத்தின் உயரம், கொடுத்த பாயிண்ட் அளவில் ஏறத்தாழப் பாதிதான் வரும். ஒரு பாயிண்ட் 0.353 மி.மீ. என்பதால், 60 மி.மீ. உயரத்தில் 'க' வேண்டுமென்றால் 300 பாயிண்டுக்கு மேல் போக வேண்டியிருக்கும். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறுவதால், 60 மி.மீ. உயரத்தில் ஒரு பெட்டி வரைந்து அதற்குள் 'க' நிரம்பும்வரை பெரிதாக்குவதுதான் எளிய வழி.

வரி இடைவெளியிலும் கவனம் தேவை. மேல்வரியின் 'கு', 'ரு' கீழே இறங்கும். கீழ்வரியின் 'கி', 'நீ' மேலே எழும். ஆங்கிலத் தலைப்புக்கு வைக்கும் நெருக்கமான இடைவெளியில் இவை ஒன்றோடொன்று முட்டும். எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி கூட்டுவதையும் தவிர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி, மூன்று தனி எழுத்துகள் போல நிற்கும்.

அந்த மண் பரிசோதனைப் பேனரை மறுபடியும் எப்படி அமைத்தீர்கள்? அளவோடு சொல்ல முடியுமா?

முதலில் ஃபைலை 850 × 2150 ஆக அமைத்து, 2000-ல் ஒரு வழிகாட்டிக் கோடு போட்டேன். அதற்குக் கீழே பெட்டி. மேசை இருக்கும் என்பது இந்த முறை தெரிந்திருந்ததால் 1090-ல் இன்னொரு கோடு போட்டேன். அதற்குக் கீழே எழுத்து இல்லை. இரு பக்கமும் 50 மி.மீ. விட்டதில் எழுதுவதற்கு 750 மி.மீ. அகலம் மிஞ்சியது.

பழைய தலைப்பு "நவீன முறையில் மண் ஆய்வு மற்றும் உரப் பரிந்துரைச் சேவைகள்" என்று இருந்தது. 60 மி.மீ. எழுத்தில் வைத்துப் பார்த்தால், 750 மி.மீ. அகலத்தில் ஒரு வரிக்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சிறு சொற்கள்தான் வந்தன. தலைப்பு மட்டுமே ஆறேழு வரிகளுக்கு இறங்கிக் கண்மட்டப் பட்டையைத் தாண்டிவிட்டது. எழுத்தைச் சிறிதாக்குவதா, சொல்லைக் குறைப்பதா என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் முழு முயற்சியும் வீண் என்பதால் சொல்லைக் குறைத்தோம். ஆய்வகத்துக்கு வரும் விவசாயிகள் வாசலில் நின்று கேட்கும் கேள்வியையே எடுத்துக்கொண்டோம்:

உங்கள்
மண்ணுக்கு
என்ன உரம்?

மூன்று வரி, வரிக்கு வரி 150 மி.மீ. மேல்கீழ் கொம்புகளையும் சேர்த்து, மேலிருந்து 270-ல் தொடங்கி 730-ல் முடிந்தது. தரையிலிருந்து பார்த்தால் 1820 முதல் 1360 வரை. சொற்கள் நடுவில் உடையவில்லை. "என்ன உரம்?" என்பது ஒரே வரியில் சேர்ந்து நின்றது முக்கியம். தலைகளுக்கு நடுவே அந்த ஒரு வரி மட்டும் தெரிந்தாலும் செய்தி புரிந்துவிடும்.

உச்சியில் 60 முதல் 230 வரை லோகோ. மேல் பட்டை கவ்வும் இடத்துக்காக முதல் 60 மி.மீ.-யை விட்டுவைத்தேன். தலைப்புக்குக் கீழே 780 முதல் 910 வரை, 30 மி.மீ. எழுத்தில், "மண் பரிசோதனை / 3 நாளில் அறிக்கை" என்று இரண்டு வரி. அதன் கீழ் 940 முதல் 1090 வரை கியூஆர் கோடு, பக்கத்தில் தொலைபேசி எண். இது தரையிலிருந்து 1150-க்கும் 1000-க்கும் இடையில் வருகிறது. மேசைக்கோட்டைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. அதற்குக் கீழே, 1140-லிருந்து தாளின் கடைசி விளிம்பான 2150 வரை, வேர்களோடு கூடிய மண்ணின் படம் ஒன்றே ஒன்று. அதில் எவ்வளவு மறைந்தாலும் மண், மண்ணாகவே தெரியும்.

முகவரியை எடுத்துவிட்டோம். அது துண்டறிக்கையில் இருந்தது. தாங்கள் செய்யும் 11 வகைப் பரிசோதனைகளின் பட்டியலை ஆய்வகத்தார் மிகவும் விரும்பினார்கள். அதையும் துண்டறிக்கைக்கே அனுப்பினோம்.

கியூஆர் கோட்டைக் கீழே மூலையில் வைப்பதுதானே வழக்கம்?

கையில் பிடித்துப் படிக்கும் துண்டறிக்கைக்கு அது பொருந்தும். பேனரில் அந்த மூலை முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. அதைப் படமெடுக்கக் குந்தி உட்கார வேண்டும். கைப்பேசியை மக்கள் மார்பு உயரத்தில் பிடிக்கிறார்கள். எனவே கியூஆர் கோடும் ஏறத்தாழ அந்த உயரத்திலோ சற்றுக் கீழேயோ இருப்பது நல்லது. அளவுக்கு, நிற்கும் தொலைவில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கை வைத்துக்கொள்ளலாம்: மேசைக்கு முன்னால் 1.5 மீட்டரில் நிற்பவருக்கு 150 மி.மீ. சதுரம். சுற்றிலும் வெண்ணிற ஓரம் விடாமல் படத்தின் மேல் நேரடியாக வைத்தால் பல கைப்பேசிகள் அதைப் பிடிக்காமல் திணறும்.

படத்தின் தரம் எவ்வளவு வேண்டும்?

முழு அளவில் அங்குலத்துக்கு 100 பிக்சல் போதும். 850 × 2150 மி.மீ. பின்னணிக்கு அது ஏறத்தாழ 3350 × 8460 பிக்சல். எழுத்தையும் லோகோவையும் வெக்டராகவே விட்டுவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு ஏ4 தாளில் அச்செடுங்கள். 85 × 200 மி.மீ. தெரியும் பகுதியும் அதன் கீழ் 15 மி.மீ. மறைபகுதியும் அதில் அடங்கும். மறைபகுதியைப் பின்னால் மடித்துவிட்டு, தாளைக் கண்ணிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால், 5 மீட்டரிலிருந்து பேனரைப் பார்ப்பதற்குச் சமம். தலைப்பு ஒரே பார்வையில் படிக்க வருகிறதா என்று, அந்த வேலையில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். நீங்களே பார்த்தால் பயன் இல்லை. உங்களுக்கு வாசகம் மனப்பாடம்.

இந்தச் சோதனையில் தெரியாத ஒன்று உயரம். அதற்குத் தலைப்பை மட்டும் முழு அளவில், பல தாள்களாக அச்செடுத்து ஒட்டி, சுவரில் தரையிலிருந்து அளந்து அதன் இடத்தில் மாட்டுங்கள். முன்னால் ஒரு மேசையை இழுத்துப் போடுங்கள், அதன் மேல் ஒரு பெட்டியை வையுங்கள், இரண்டு பேரை அருகில் நிற்கச் சொல்லுங்கள். பிறகு அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். லோகோவைப் பெரிதாக்கச் சொல்லும் உரிமையாளரையும் இந்தச் சுவருக்கு முன்னால் அழைத்து வந்து நிறுத்தினால், முன்பு சொன்ன வாதம் பெரும்பாலும் தேவைப்படாது.

அனுப்பும் பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துகளை வெக்டர் வடிவமாக மாற்றிவிடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கான கட்டளை `Type > Create Outlines`. மாற்றிய பிறகு 'கொ', 'சௌ', 'ஸ்ரீ' போன்றவை வரும் இடங்களை ஒருமுறை பெரிதாக்கிப் படியுங்கள். கடைசியாக, மின்னஞ்சலில் ஒரு வரி தெளிவாக எழுதுங்கள்: "மொத்த நீளம் 2150, தெரியும் நீளம் 2000, கீழே 150 பெட்டிக்குள், எந்தப் பக்கமும் இழுக்கவோ சுருக்கவோ வேண்டாம், அளவு பொருந்தாவிட்டால் அழைக்கவும்." எனக்கு நேர்ந்தது இந்த ஒரு வரி இருந்திருந்தால் நேர்ந்திருக்காது.

ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது. கீழ்வரி பெட்டிக்குள் போகிறது. இழுத்து மேலே கொண்டுவர முடியாதா?

முயலாதீர்கள். தாளின் முடிவில் இருக்கும் பட்டையும் ஸ்பிரிங்கும் அதற்கு மேல் இடம் கொடுக்காது. வலிந்து இழுத்தால் ஒட்டு விட்டுப்போகும். தாள் கையோடு வந்துவிட, உருளை உள்ளே சுழன்று ஸ்பிரிங் தன் இறுக்கத்தை இழந்துவிடும். பிறகு தாள் உள்ளே சுருண்டுகொள்ளாது. கம்பியின் உயரம் மாற்றக்கூடியதாக இருந்தால் அது முழுவதும் நீட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; சில நேரம் குறை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், மறைந்த எண்ணை மட்டும் மெல்லிய வினைல் ஒட்டியாக அச்சடித்து, தரையிலிருந்து 1000 முதல் 1150 மி.மீ. வரையிலான உயரத்தில் காலியாக உள்ள இடத்தில் ஒட்டலாம். பின்னணியின் நிறத்தோடு ஒட்டியின் நிறம் சரியாகப் பொருந்துவது கடினம். எனவே பொருத்த முயலாமல் வெள்ளைப் பட்டையில் கருப்பு எழுத்தாக, வேண்டுமென்றே வைத்தது போல ஒட்டுவது நல்லது. தடித்த ஒட்டி வேண்டாம். தாள் சுருளும்போது அதன் விளிம்பு மேல்சுற்றில் தழும்பாகப் பதியும். குறை மேசை மறைப்பதால் மட்டும் என்றால், ஸ்டாண்டைத் தரையில் வைக்காமல் 300 மி.மீ. உயரமுள்ள உறுதியான மேடை ஒன்றின் மேல் ஏற்றி, கால்கள் அதன் விளிம்பைத் தாண்டாதபடி நிறுத்தலாம்.

அடுத்த கண்காட்சிக்கு முழு ஸ்டாண்டையும் வாங்க வேண்டியதில்லை. அதே ஸ்டாண்டில் தாளை மட்டும் மாற்றித் தரும்படி கேளுங்கள். ஆனால் அதை வீட்டில் பிரிக்க வேண்டாம். பட்டையைக் கழற்றும் முன் உருளையை ஊசியிட்டு நிறுத்த வேண்டும், அது தெரிந்தவர் கையில் பத்து நிமிட வேலை.